கழுவக் கூடாத டியூப்

எங்கள் அவசரப் பிரிவில் மருந்து அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேல் நீலப் பேனாவால் ‘கழுவக் கூடாது, எடுத்தால் சொல்லவும்’ என்று எழுதியிருக்கும். உள்ளே பஞ்சு விரித்து, அதன் மேல் புதுக் கண்ணாடி டெஸ்ட் டியூப்களை அடுக்கியிருப்பார்கள். ஆய்வகம் முழுக்கப் பிளாஸ்டிக் டியூப்புக்கு மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. இந்த டின்னை மட்டும் எங்கள் சிஸ்டர்கள் விடவில்லை.

மே 12 செவிலியர் தினம். 1820-இல் அதே தேதியில் பிறந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை நினைத்து வருடா வருடம் இங்கேயும் மெழுகுவர்த்தி ஏற்றுவோம், உறுதிமொழி வாசிப்போம், கேக் வெட்டுவோம். படங்களில் அவர் கையில் அலாவுதீன் விளக்குப் போல ஒன்றை வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் அவர் எடுத்துக்கொண்டு வார்டைச் சுற்றியது மடிப்பு மடிப்பாகச் சுருங்கும் துருக்கி நாட்டு லாந்தர். அது போகட்டும். இந்த வருடம் மருத்துவமனை சார்பில் வாழ்த்து எழுதச் சொன்னார்கள். ‘வெள்ளுடைத் தேவதை’ என்று ஆரம்பித்தால் எங்கள் சிஸ்டர்களே சிரிப்பார்கள். அதனால் அவர்கள் செய்யும் ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது என்ன, ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லப் பார்க்கிறேன். பாம்புக்கடி வந்த இரவில் அந்த டின்னைத் திறந்து அவர்கள் செய்யும் வேலை அது.

ராமநாதபுரம் கரையோரத்தில் பாம்புக்கடி என்றால் பெரும்பாலானவர்களுக்கு நல்ல பாம்புதான் முதலில் நினைவுக்கு வரும். எங்களுக்குச் சுருட்டை விரியன். ஒரு முழம்கூட இருக்காது, மண் நிறம், உடம்பைச் சுருட்டிச் செதிலோடு செதிலை உரசி, சூடான சட்டியில் தண்ணீர் தெளித்தது போல ஒரு சத்தம் எழுப்பும். காய்ந்த மணல், பனை மட்டைக் குவியல், சீமைக் கருவேலம் புதர் எல்லாம் அதற்குப் பிடித்த இடம். இந்தப் பக்கம் கருவேலம் வெட்டுவதும் கரிமூட்டம் போடுவதும் பிழைப்பு. பொழுது சாயும் நேரத்தில் குனிந்து சுள்ளி பொறுக்கும் கையும், செருப்பில்லாத காலும் அதன் உயரத்துக்குச் சரியாகப் போய் நிற்கும். இதுபோக நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன் என்று மற்ற மூன்றும் உண்டு. கடலில் வலை இழுப்பவர்களுக்கு வேறொன்று இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

சுருட்டை விரியன், கண்ணாடி விரியன் இரண்டின் விஷமும் இரத்தத்தில் செய்யும் வேலை கொஞ்சம் விசித்திரமானது. பலரும் நினைப்பது போல அது இரத்தத்தை நேரடியாக ‘நீர்த்துப் போக’ வைப்பதில்லை. முதலில் உறைய வைக்கிறது. சுருட்டை விரியன் விஷம், உறைதலுக்கான புரதம் ஒன்றைத் தேவையே இல்லாமல் தூண்டிவிடும். கண்ணாடி விரியன் விஷம் வேறு வழியில் அதே காரியத்தைச் செய்யும். உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு உறைகட்டிகள் உண்டாகிக் கரைந்துகொண்டே இருக்கும். அதில் உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜென் என்ற கையிருப்பு தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு ஈறில் ஒரு கீறல் விழுந்தாலும் அடைக்க ஆளில்லை. கடிவாயில் இரத்தம் கசிந்தபடியே இருக்கும், சிறுநீரில் வரும், மூளையில் கசிந்தால் உயிர் போகும். ஆக, வந்தவர் உடம்பில் விரியன் விஷம் இரத்தத்தைத் தொட்டுவிட்டதா என்று அறிய ஒரே கேள்விதான்: இவருடைய இரத்தம் உறைகிறதா?

இதே கேள்வியை ஊரிலும் கேட்கிறார்கள், வேறு விதமாக. வேப்பிலையை மெல்லக் கொடுத்து ‘கசக்குதா’ என்பார்கள்; மிளகோ மிளகாயோ கொடுத்து ‘உறைக்குதா’ என்பார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை என்று கணக்கு. ஆனால் இரத்தத்தைக் கெடுக்கும் விஷம் நாக்கின் ருசியைத் தொடாது. உறையும் சக்தி முழுக்கப் போன ஒருவருக்கும் வேப்பிலை கசக்கத்தான் செய்யும். அதனால்தான் இந்தச் சோதனை ஆபத்தானது. அது கொடுக்கும் நிம்மதியில் இரண்டு மூன்று மணி நேரம் போய்விடுகிறது.

சிஸ்டர்கள் செய்யும் சோதனைக்குப் பெரிய எந்திரம் ஒன்றும் வேண்டாம். இரத்தக் குழாயிலிருந்து புதிதாக 2 மில்லி இரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த, கண்ணாடி டியூப்பில் விட்டு, அறை வெப்பத்தில் 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைகிறது. தண்ணீர் போல ஓடினால் உறையவில்லை. விஷமுறிவு மருந்து தொடங்கியாக வேண்டும். இவ்வளவுதான். கேட்பதற்கு எட்டாம் வகுப்பு அறிவியல் செய்முறை மாதிரி இருக்கிறது. இதில் எத்தனை வழியில் தப்பு நடக்கலாம் என்பதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இல்லை, ஒரு சிஸ்டரிடம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறொரு மருத்துவமனை அது. பதினைந்து வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். காலில் பல் பதிந்திருந்தது, வீக்கம் இல்லை. பாம்பை அடித்துவிட்டார்கள், ஆனால் எடுத்து வரவில்லை. ‘நீளமா இருந்துச்சு, மஞ்சளா இருந்துச்சு’ என்றார்கள். சாரையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. 20 நிமிடம் கழித்துச் சாய்த்தால் இரத்தம் ஓடியது. இன்னொரு டியூப் போட்டோம், அதுவும் ஓடியது. மருந்தைக் கலக்கச் சொல்லிவிட்டேன். அங்கே நைட் டியூட்டியில் இருந்த மூத்த சிஸ்டர், ‘சார், ஒரு அரைமணி பொறுங்க. பையன் நல்லாத்தான இருக்கான்’ என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த நர்சிங் மாணவியைக் கூப்பிட்டுத் தன் கையை நீட்டினார். அவருடைய இரத்தத்தை எடுத்து, பாதியை அதே தட்டில் இருந்த டியூப்பிலும், பாதியை உறை பிரிக்காத புது டியூப்பிலும் விட்டார்கள். 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் புது டியூப்பில் சிஸ்டரின் இரத்தம் கல்லுப் போல நின்றது. தட்டில் இருந்த டியூப்பில் அது தண்ணீராக ஓடியது. பாம்பே கடிக்காத மனுஷி அவர்.

அந்தத் தட்டு டியூப்களை யாரோ நல்ல எண்ணத்தில் சோப்புத்தூள் போட்டுக் கழுவிக் காயவைத்திருந்தார்கள். டியூப்பில் விட்ட இரத்தம் கண்ணாடியின் மேற்பரப்பில் பட்டால்தான் சட்டென்று உறையத் தொடங்கும். உறைதலைத் தொடக்கிவைக்கும் ஒரு புரதம் கண்ணாடியைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும். சோப்பின் மெல்லிய படலம் ஒட்டியிருந்தால் அது நடக்காது. பிளாஸ்டிக்கிலும் அப்படித்தான், இரத்தம் சோம்பலாகக் கிடக்கும். இரண்டிலும் நல்ல இரத்தம்கூடக் கெட்ட இரத்தம் போலத் தெரியும். அந்தப் பையனுக்குப் புது டியூப்பில் போட்டதும் உறைந்தது. ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினோம்.

‘அதிகமாக மருந்து போட்டால் என்ன, நல்லதுதானே’ என்று தோன்றலாம். விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. நம் உடம்புக்கு அது அந்நியப் புரதம். சிலருக்கு மருந்து ஏறத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வரும். விஷம் ஏறாத பையனுக்கு அந்த ஆபத்தைக் கொடுக்க இருந்தேன் நான்.

வேறு வழியிலும் தப்பு நடக்கலாம். டியூப்பைச் சீக்கிரமே சாய்த்துப் பார்ப்பது, இடையில் ஆட்டிப் பார்ப்பது, தள்ளுவண்டியின் மேல் வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது, இப்படி எது நடந்தாலும் விடை கெடும். எதிர்ப்பக்கத் தப்பாக, விஷம் லேசாக ஏறியிருக்கும்போது 20 நிமிடச் சோதனையில் இரத்தம் உறைந்துவிடுவதும் உண்டு. அதனால் ஒரு தடவை உறைந்தது என்று விட்டுவிடுவதில்லை. முதல் மூன்று மணி நேரம் மணிக்கு ஒரு தடவை, அப்புறம் 24 மணி நேரம் வரை 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று திரும்பத் திரும்பப் போட வேண்டும். ‘நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு மறுபடி மறுபடி ஊசி குத்துறீங்க’ என்று சண்டை போடுபவரிடம் நள்ளிரவு இரண்டு மணிக்குப் போய்க் கையை நீட்டச் சொல்வதும் சிஸ்டர்தான்.

சரி, ஒரு இரவை முழுக்கச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கரிமூட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், நாற்பது வயதுக்கு மேல். மாலை ஆறேகாலுக்குச் சுள்ளி அள்ளும்போது வலது பாதத்தில் கடி. வேப்பிலை கசந்தது, அதனால் மந்திரித்து, பச்சிலை அரைத்துக் கட்டி, வீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். வாய் கொப்பளித்தபோது எச்சில் சிவப்பாக வந்ததைப் பார்த்த பிறகுதான் 108-க்குப் போன் செய்திருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது மணி எட்டு நாற்பது. கணுக்காலுக்கு மேலே சேலைக் கரையைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தது. பாதம் பொங்கியிருந்தது.

சிஸ்டர் அந்தக் கட்டை உடனே அவிழ்க்கவில்லை. வந்ததும் அவிழ்ப்பதுதான் சரி என்று கூட வந்தவர்கள் நினைத்தார்கள். கட்டுக்குக் கீழே தேங்கிய விஷம், சட்டென்று அவிழ்த்தால் ஒரேயடியாக மேலே ஏறும். அதனால் முதலில் கையில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாயைப் போட்டு, மருந்துத் தட்டைப் பக்கத்தில் வைத்து, என்னையும் அருகில் நிற்கச் சொல்லிவிட்டு மெதுவாகத் தளர்த்தினார். வென்ஃப்ளானும் ஒரே குத்தில் விழ வேண்டும். உறையாத இரத்தம் உள்ளவருக்கு இரண்டு இடத்தில் குத்தினால் இரண்டு இடத்திலும் கசியும். இடுப்பில், புஜத்தில் ஊசி போடுவதும் கூடாது. தசைக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும். வழக்கமாகப் போடும் டெட்டனஸ் ஊசியைக்கூட, இரத்தம் உறையத் தொடங்கும் வரை தள்ளி வைப்போம்.

அடுத்தது மெட்டி. பாதம் இன்னும் வீங்கினால் விரலை மெட்டி அறுத்துவிடும். அந்த அக்கா காலை இழுத்துக்கொண்டார். ‘தாயி, புருஷன்கிட்டயே குடுத்துர்றேன், அவரு கையிலயே இருக்கட்டும்’ என்று சொல்லி, எண்ணெய் தடவி இரண்டையும் கழற்றி, ஒரு காகித உறையில் போட்டு, எழுதிக் கணவரிடம் கொடுத்தார் சிஸ்டர். பிறகு பேனாவை எடுத்து, வீக்கம் முடியும் இடத்தில் காலில் ஒரு கோடு போட்டு அதன் பக்கத்தில் ‘8.50’ என்று எழுதினார். அடுத்த மணி நேரத்தில் வீக்கம் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்லலாம். யாருடைய ஞாபகத்தையும் நம்ப வேண்டியதில்லை.

அப்புறம் டின் திறந்தது. இரத்தத்தை டியூப்பில் விட்டு, பிளாஸ்திரித் துண்டில் நேரம் எழுதி ஒட்டி, மின்விசிறிக் காற்றும் ஆள் நடமாட்டமும் இல்லாத ஜன்னல் மேடையில் நிறுத்திவைத்தார். கணவர் அந்த டியூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் ஆனதும், ‘என்ன சிஸ்டர், மருந்து குடுக்காம பாட்டிலப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே’ என்று சத்தம் போட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது சும்மா நிற்பது போலத்தான் தெரியும். அந்த 20 நிமிடத்தில் சிஸ்டர் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இரண்டு தடவை எடுத்தார், ஈறைப் பார்த்தார், தலை வலிக்கிறதா என்று கேட்டார், சிறுநீர் பிடிக்கப் பாத்திரம் வைத்தார், உடன் இருந்த இளைய சிஸ்டரிடம் பத்து வயல், அதாவது பத்துச் சின்னக் குப்பி மருந்தை எடுத்து வைக்கச் சொன்னார். ஒன்பது பத்துக்கு டியூப்பைச் சாய்த்தார். ஓடியது.

விஷமுறிவு மருந்து வெள்ளைப் பொடியாக வரும். ஒவ்வொரு வயலிலும் 10 மில்லி ஊசித் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரை கட்டிக்கொள்ளும், நுரைத்தால் மருந்து வீணாகும். அதனால் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, மத்தில் தயிர் கடைவது போல மெல்ல உருட்டுவார்கள். ஒரு வயல் கரையச் சில நிமிடம் பிடிக்கும். பத்து வயலுக்கு நான்கு கைகள் வேண்டும். கரைந்ததைச் சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுவோம். பெரியவருக்கு எவ்வளவோ அதே அளவுதான் குழந்தைக்கும், சலைன் மட்டும் குறையும். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லை.

மருந்து ஏறும் முதல் கால் மணி நேரம் சிஸ்டர் கட்டிலை விட்டு நகர மாட்டார். ஒவ்வாமை வருமா என்று முன்கூட்டியே தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதனால் பயனில்லை என்று தெரிந்து கைவிட்டாயிற்று. இப்போது இருக்கும் ஒரே சோதனை, பக்கத்தில் நின்று பார்ப்பது. ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் 0.5 மில்லிகிராம் ஊசியில் ஏற்றித் தட்டில் தயாராக இருக்கும். ஒன்பது இருபதுக்குத் தொடங்கியது. பன்னிரண்டாவது நிமிடத்தில் அந்த அக்கா காதோரம் சொறிந்தார். அவ்வளவுதான் அறிகுறி. சிஸ்டர் கழுத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. என்னைக் கூப்பிடும் முன்பே அவர் கை சலைன் குழாயின் சக்கரத்தை மூடியிருந்தது. தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் போட்டோம். தசையில் ஊசி கூடாது என்றேனே, இது ஒன்றுதான் விதிவிலக்கு. இரத்தம் கட்டினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மூச்சு நின்றால் பார்க்க முடியாது. தடிப்பு அடங்கியதும் மருந்தை மெதுவாக மறுபடி தொடங்கினோம். நின்று தொடங்கியதால் முடியும்போது பத்தே முக்கால்.

அடுத்த டியூப் எப்போது போடுவது? கணவர் கேட்டார், உடனே பார்த்தால் என்ன என்று. மருந்து விஷத்தை மட்டும்தான் கட்டிப்போடும். தீர்ந்துபோன உறைபொருளை அது திருப்பித் தராது, அதைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குச் சுமார் 6 மணி நேரம் பிடிக்கும். அதற்கு முன்னால் டியூப் போட்டால், விஷம் முறிந்திருந்தாலும் இரத்தம் ஓடும். மருந்து வேலை செய்யவில்லை என்று தப்பாக நினைத்து இன்னும் பத்து வயலை ஏற்றிவிடுவோம். ஆக, விடிகாலை நாலே முக்கால் வரை காத்திருக்க வேண்டும்.

ராத்திரி முழுக்க அவர் பார்த்தவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். கடிவாயில் வைத்த பஞ்சு எவ்வளவு நனைந்திருக்கிறது. சிறுநீர் எவ்வளவு, என்ன நிறம். ‘தலை வலிக்குது’ என்று சொன்னால் அது அழுததால் வந்ததா வேறா. பன்னிரண்டு மணிக்குக் குளிர் நடுக்கம் வந்தது. மருந்தால் வரும் காய்ச்சல் அது, கம்பளியும் பாரசிட்டமாலும் போதும். காலில் பேனாக் கோடுகள் நான்காகியிருந்தன. நான்காவதும் மூன்றாவதும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில். வீக்கம் நின்றுவிட்டது.

நாலே முக்காலுக்கு எடுத்து, ஐந்து ஐந்துக்குச் சாய்த்தார். அடியில் சின்னதாக ஒரு கட்டி, மேலே மீதி ஓடியது. என்னைப் போல அரைத்தூக்கத்தில் இருப்பவன் ‘உறைந்துவிட்டது’ என்று எழுதியிருப்பான். சிஸ்டர் கேஸ் ஷீட்டில் ‘முழுதாக உறையவில்லை’ என்று எழுதிவிட்டு என்னை எழுப்பினார். இரண்டாம் தவணை மருந்து ஏறி முடிய ஆறேகால் ஆனது. அடுத்த டியூப் பன்னிரண்டேகாலுக்கு, பகல் ஷிப்ட் கையில். காலையில் ஆள் மாறும்போது அவர் ஒப்படைத்தது மூன்றே விஷயம்: பன்னிரண்டேகால், கழுவாத டியூப், டெட்டனஸ் இன்னும் போடவில்லை.

கணக்கு எழுதும் இந்தப் பழக்கம் அவர்கள் தொழிலின் ஆரம்பத்திலிருந்தே உண்டு. கிரிமியப் போரில் நைட்டிங்கேல் பேர் வாங்கியது லாந்தரால் என்றாலும், ஊர் திரும்பி 1858-இல் அவர் அச்சிட்டது ஒரு வரைபடம். காயத்தால் செத்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோயால் செத்த சிப்பாய்கள் அதிகம் என்று அதில் காட்டினார். நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒன்று: பாம்புக்கடி நஞ்சேற்றத்தை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்தது. எந்த ஊர், எந்தப் பாம்பு, எத்தனை மணிக்கு வந்தார் என்ற கணக்கு அரசுக்குப் போவது, அந்த நேரத்தில் சிஸ்டர் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்ததிலிருந்துதான்.

டியூப் பதில் சொல்லாத கடியும் இரண்டு இருக்கிறது.

ஒன்று கட்டுவிரியன். கோடையில் புழுக்கம் தாங்காமல் வாசலில் பாய் விரித்துப் படுப்பவர்களை அது கடிக்கும். கடித்ததே தெரியாது, வலி இல்லை, வீக்கம் இல்லை, சில சமயம் பல் பதிந்த தடமும் இல்லை. விடிகாலையில் வயிற்று வலி என்று வருவார்கள். இரத்தம் அழகாக உறையும். விஷம் நரம்பில் இருக்கிறது. வயிற்று வலிக்காரரிடம் ‘ராத்திரி எங்க படுத்தீங்க, கட்டிலா தரையா’ என்று எங்கள் சிஸ்டர்கள் கேட்பது அதனால்தான். பிறகு அவர்கள் பார்ப்பது இமையை. மேலே பார்க்கச் சொன்னால் இமை பாதியில் நிற்கிறதா? தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா? ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது? போன மணியில் முப்பது வரை எண்ணியவர் இப்போது பதினெட்டில் நின்றால், மூச்சுத் தசை சோர்கிறது. ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 1988-இல் சாலைப் பாலம் திறக்கும் வரை பாம்பனைக் கடக்க ரயில்தான். இப்போது ஆம்புலன்ஸ் ஒரே ஓட்டத்தில் போய்விடும். ஆனால் அவ்வளவு தூரமும், ஐந்தாறு விநாடிக்கு ஒரு தடவை, யாராவது ஒருவர் மூச்சுப் பையை அழுத்திக்கொண்டே வர வேண்டும். வேகமாக அழுத்துவதுதான் நல்லது என்று பதற்றத்தில் தோன்றும். அப்படி அழுத்தினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும். வளைவிலும் குலுங்கலிலும் எண்ணிக்கை தப்பாமல் அழுத்துவதற்குப் பழகிய கை வேண்டும்.

இன்னொன்று கடற்பாம்பு. வால் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும். மீனோடு சேர்ந்து வலையில் வரும். மீனைப் பிரிக்கும் கையில் கடிக்கும். மே 12 மீன்பிடித் தடைக்காலத்தின் நடுவில் விழுகிறது, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. நாட்டுப்படகும் கரைவலையும் உண்டு, கடியும் உண்டு. முள் குத்தியது என்று நினைத்து வேலையைத் தொடர்வார்கள். அரைமணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசை வலி வரும், கழுத்து விறைக்கும், வாய் திறக்க முடியாது. அதற்குப் பிறகு சிறுநீர் நிறம் மாறும். விஷம் தசையைச் சிதைப்பதால் தசையின் நிறம் சிறுநீரில் இறங்குகிறது. நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நான்கு நிலப் பாம்புகளின் விஷத்துக்கு மட்டும் செய்தது; கடற்பாம்புக்கு அது வேலை செய்யாது. பத்து வயல் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார முடியாது. சலைனைத் தாராளமாகக் கொடுத்து, சிறுநீரகத்தைக் காப்பாற்றி, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறதா என்று ஈ.சி.ஜி.யில் பார்த்து, தேவைப்பட்டால் டயாலிசிஸுக்கும் செயற்கை மூச்சுக்கும் நேரத்தோடு அனுப்ப வேண்டும்.

எங்கள் சிஸ்டர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். மணிக்கு ஒரு தடவை சிறுநீரில் கொஞ்சத்தைக் கண்ணாடி டியூப்பில் எடுத்து, நேரம் எழுதி, வெள்ளைத்தாளுக்கு முன்னால் வரிசையாக நிறுத்திவிடுவார். இதற்குக் கழுவிய டியூப்பே போதும். ஒரு தடவை ஐந்து டியூப் நின்றது: முதலில் இளமஞ்சள், அப்புறம் கடுந்தேநீர், நான்காவது கிட்டத்தட்டக் கருப்பட்டிக் காப்பி நிறம், ஐந்தாவது கொஞ்சம் தெளிந்திருந்தது. அந்த மீனவரின் மகன் படித்தவன்; அவனுக்கு நான் சொன்ன பொட்டாசியம் கதையெல்லாம் புரிந்ததோ என்னவோ, அந்த வரிசையைப் பார்த்ததும், ‘சிஸ்டர், அஞ்சாவது கொஞ்சம் வெளுத்திருக்குல்ல?’ என்று கேட்டான். ‘இன்னும் ரெண்டு டியூப் பாத்துட்டுச் சொல்றேன் தம்பி’ என்றார்.

கரிமூட்டத்து அக்காவுக்குப் பன்னிரண்டேகாலுக்கு எடுத்த இரத்தம் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு உறைந்து நின்றது. பகல் சிஸ்டர் டியூப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கணவரிடம் காட்டினார். சொட்டுக்கூட விழவில்லை. அவர் இரண்டு மூன்று தடவை கவிழ்க்கச் சொன்னாராம். அதன் பிறகு டெட்டனஸ் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும்போது வீக்கம் வற்றியிருந்தது. ஆனாலும் மெட்டியை இன்னும் ஒரு வாரம் கழித்துப் போடச் சொல்லித்தான் அனுப்பினார் நைட் சிஸ்டர்.

செவிலியர் தினத்துக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டபோது அவர்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சுடிதார், டிபன் கேரியர் என்று பல வருடம் போயிருக்கிறது. இந்தத் தடவை முதல் வரி: கண்ணாடி டெஸ்ட் டியூப், புதிது, இரண்டு பெட்டி. இரண்டாவது வரி: நைட் டியூட்டி அறைக்கு மின்விசிறி ரிப்பேர், போன வருடமே எழுதியது.